கழுவிய கந்தகம் குழாயைத் தின்ற கதை

கேள்வி: டர்பன் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் புகையால்தான் எங்கள் பக்கம் அமில மழை பெய்கிறதா? ஸ்க்ரப்பர் வைத்த கப்பல் என்கிறார்களே, அதில் கந்தகம் எங்கே போகிறது?

நீங்கள் மெரேபேங்கிலிருந்தோ பிளஃபிலிருந்தோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மனைவியின் வீடும் மெரேபேங்க்தான். அவளுடைய ஆயா ஒவ்வொரு முறை இருமும்போதும் என்னைத்தான் பார்ப்பார். "உங்க கப்பல் புகைதான் தம்பி" என்பார். நான் சரக்குக் கப்பல்களில் செகண்ட் இன்ஜினியராக வேலை பார்ப்பவன். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மழை. எண்ணெயில் இருக்கும் கந்தகம் எரிந்ததும் கந்தக டையாக்ஸைடு வாயுவாகிறது. புகைபோக்கியை விட்டு வெளியே வரும்போது அது இன்னும் கந்தக அமிலம் ஆகிவிடவில்லை. காற்றிலேயே மெதுவாக ஆக்ஸிஜன் ஏறி அமிலமாக ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மேகத் துளிக்குள் கரைந்துவிட்டால் அங்கிருக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு அந்த வேலையைச் சீக்கிரமாகவே முடித்துவிடும். சுத்தமான மழைநீரே கொஞ்சம் புளிப்புதான், அதன் பிஎச் 5.6 வரை இருக்கும். அமில மழையில் அது 4 பக்கம் இறங்கும். ஆக, புகைக்குப் பக்கத்தில் இருப்பவரின் தொண்டையைக் கரிப்பது பெரும்பாலும் அந்த வாயுவேதான். அமில மழை காற்று போகும் திசையில் வெகுதூரம் தள்ளிப் பெய்யும். உங்கள் வீட்டுத் தகரம் துருப்பிடித்தால் கடற்காற்றின் உப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பல் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மேலே படித்தால் தெரியும்.

எங்கள் கப்பல் ஓட்டத்தில் ஒரு நாளைக்கு 30 டன் பர்னஸ் ஆயில் எரிக்கும். அதில் கந்தகம் 3 சதவீதம், அதாவது 900 கிலோ. எரியும்போது கந்தகம் தன் எடைக்குச் சமமான ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்வதால் 1,800 கிலோ வாயு வரும். அது முழுக்க அமிலமானால் ஏறக்குறைய 2,750 கிலோ கந்தக அமிலம். நங்கூரத்தில் நிற்கும்போது ஜெனரேட்டர் மட்டும் ஓடும், மூன்று டன் எண்ணெய் போதும். 2020 ஜனவரி முதல் உலகம் முழுக்க எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்க்ரப்பர், அதாவது புகையைக் கழுவும் கருவி, வைத்த கப்பலுக்கு மட்டும் பழைய மலிவு எண்ணெயை எரிக்க அனுமதி உண்டு, புகையைக் கழுவிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கழுவுவது கடல்நீரால். எங்களுடையது கடல்நீரை இழுத்து, கழுவி, திரும்பக் கடலிலேயே விடும் திறந்த வகை. புகைபோக்கிக்குள் ஒரு பெரிய கோபுரம், மேலிருந்து மணிக்கு 300 கன மீட்டர் தண்ணீர் தூவும். கடல்நீரில் இயல்பாகவே பைகார்பனேட் கரைந்திருக்கிறது, அதுதான் அமிலத்தை முறிக்கிறது. ஆனால் மேலே சொன்ன 1,800 கிலோவை முழுதாக முறிக்க அந்தத் தண்ணீர் பத்தாது. அதனால் கோபுரத்தின் அடியில் வடியும் நீர் பிஎச் 3 பக்கம் இருக்கும், கிட்டத்தட்ட காடி மாதிரி. மீதி அமிலம் கப்பலுக்கு வெளியே கடலில் கலந்த பிறகுதான் முறிகிறது. ஆக, உங்கள் கந்தகம் சல்ஃபேட்டாகக் கடலுக்குப் போகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏற்கெனவே 2.7 கிராம் சல்ஃபேட் உண்டு, அதனால் ஆழ்கடலில் கந்தகத்தால் பெரிய கேடு இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரோடு கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்களும் சேர்ந்தே போகின்றன. தண்ணீர் தேங்கி நிற்கும் துறைமுகத்துக்குள் அதைக் கொட்டுவது சரியில்லை என்பதே என் கருத்து. சிங்கப்பூர் 2020-லேயே தடுத்துவிட்டது. (நிலத்தில் இருக்கும் அனல் மின் நிலையம் என்றால் சுண்ணாம்புக் கல்லை அரைத்த கூழால் கழுவுவார்கள். அங்கே கந்தகம் ஜிப்சமாகக் கையில் கிடைக்கும். இந்த நாட்டில் குசிலே நிலையம்தான் அந்த ஏற்பாட்டோடு கட்டிய முதல் பெரிய நிலையம்.)

இப்போது என் கதை. ரிச்சர்ட்ஸ் பேயில் நிலக்கரி ஏற்றிவிட்டு, எண்ணெய் எடுக்க டர்பனுக்கு வந்துகொண்டிருந்தோம். விடிகாலை மூன்று மணிக்கு, கப்பலின் அடியில் தண்ணீர் தேங்கினால் கத்தும் பில்ஜ் அலாரம் அடித்தது. கீழே போன தூத்துக்குடிப் பையன் ஓடி வந்தான். "அண்ணே, தண்ணி வருது, எங்கேர்ந்துன்னு தெரியல." இன்ஜின் ரூமில் கடல்நீர்க் குழாய்கள் ஏராளம். எது ஒழுகினாலும் உப்புத் தண்ணீர்தான். நான் பாய்லர் தண்ணீர் சோதிக்கும் பெட்டியிலிருந்து பிஎச் தாள் ஒன்றை எடுத்துத் தேங்கிய நீரில் நனைத்தேன். சாதாரணக் கடல்நீர் என்றால் 8 பக்கம் காட்ட வேண்டும், தாள் சிவந்து 3-இல் நின்றது. அப்போதே வயிறு கலங்கிவிட்டது. கழுவு நீர்க் குழாயைத் தவிர வேறெதிலும் அப்படி ஒரு தண்ணீர் கிடையாது.

ஸ்க்ரப்பர் பம்பை நிறுத்தி, புகையைக் கழுவாமல் விடக் கூடாது என்பதால் இருந்த கொஞ்சம் மரைன் டீசலுக்கு மாறினோம். ஒழுகல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வெளியேற்றுக் குழாய் கப்பலின் உடல் தகட்டில் சேரும் இடத்தில் ஒரு முழ நீளத் தடித்த துண்டு உண்டு. வால்வு அதற்கு உள்பக்கம் இருக்கிறது. அந்தத் துண்டிலேயே ஓட்டை விழுந்தால் வால்வை மூடினாலும் பயனில்லை, கடல் நேராக உள்ளே வரும். துணியும் ரப்பரும் வைத்து இறுக்கி, சுற்றிலும் பலகை அடித்து சிமெண்ட் ஊற்றி டர்பன் வந்து சேர்ந்தோம்.

முக்குளிப்பவர்கள் வெளியிலிருந்து திறப்பை அடைத்த பிறகு அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் உள்பூச்சு கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் உள்ளங்கை அளவு பூச்சு கருகிக் கொப்புளித்து உரிந்திருக்க, அதன் நடுவில் விரல் நுழையும் ஓட்டை. அதே இடத்துக்கு நேர் வெளிப்புறம் ஒரு சின்ன இரும்புத் தாங்கியை வெல்டு செய்திருந்தார்கள். உள்ளே எபாக்சி பூசி முடித்த பிறகு வெளியே வெல்டு வைத்தால் அந்தச் சூட்டில் பூச்சு செத்துவிடும். பிறகு அமிலத்துக்கு வெறும் இரும்புதான் மிச்சம், இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஸ்க்ரப்பர் பொருத்திய யார்டு அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "பராமரிப்புக் குறை" என்று எங்கள் தலையில் எழுதினார்கள். குழாய்க்கு உள்ளே இருக்கும் பூச்சை ஓடுகிற கப்பலில் நாங்கள் எப்படிப் பராமரிப்பது?

அந்த வேலை பத்து நாள் இழுத்தது. அந்த வருஷம் ஆயாவுக்காகக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். கப்பல் நின்றது அதே ஊரில், கோயில் அரை மணி நேரத் தூரம். ஒரு நாள் லீவு கேட்டேன், தரவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மச்சான் எனக்குப் பதிலாக எடுத்தான்.

கரையிலிருந்து நீங்களே ஓரளவு பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஸ்க்ரப்பர் ஓடும் கப்பலின் புகை ஈரமானது. குளிர்ந்த காலையில் பஞ்சு மாதிரி வெள்ளையாகக் கிளம்பி, கொஞ்ச தூரத்தில் சட்டென்று காணாமல் போகும். அது பெரும்பாலும் நீராவி. பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ நீண்ட கோடாக அப்படியே தொங்கிக்கொண்டிருந்தால் அது நீராவி இல்லை. அந்த நேரத்தையும், கப்பல் பெயர் தெரிந்தால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் புகைக்கருவியின் பதிவு நிமிடக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். நேரம் தெரிந்தால் ஆய்வாளர் அதைத் திறந்து பார்க்க முடியும்.