அடுத்த மொழி: மாண்டரினா, மலாயா?

*தாதிமை இல்லத்தில் பிசியோதெரபி உதவியாளராக இருக்கிறேன். தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும். எங்களிடம் இருப்பவர்களில் பெரும்பாலோர் சீன மூத்தோர். அடுத்து மாண்டரின் படிக்கவா, மலாய் படிக்கவா? எனக்குக் கொரிய மொழி மீதும் ஆசை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் ஒதுக்க முடியும்.*
*வாசகி, ஈசூன்*

கொரிய மொழியின் வாக்கிய அமைப்பு தமிழைப் போலவே வினையில் முடியும், அதனால் உங்களுக்கு நன்றாக வரும். ஆனால் வேலைக்கு உதவாது. ஆசைக்காகப் பின்னால் படித்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டில் எது என்று முடிவு செய்யுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் தளத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி போடுங்கள். பெயர் வேண்டாம், கட்டில் எண் போதும். பிள்ளைகள் பார்க்க வரும்போது அவர் எந்த மொழியில் பேசுகிறார், அது தவிர எதில் சமாளிக்கிறார் என்று இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள். உங்களிடம் பேசும் மொழியை வைத்து எடை போட வேண்டாம், அது அவர் உங்களுக்காக இறங்கி வந்த மொழி.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. சீனர் என்றதும் மாண்டரின் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் சிங்கப்பூரில் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியதே 1979இல்தான். இன்று தொண்ணூறை நெருங்கும் பலருக்கு வீட்டு மொழி ஹொக்கியன், தியோச்சூ அல்லது கான்டனீஸ். நான் மாலை வகுப்பில் மாண்டரின் கற்ற காலத்தில், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ‘சாப்பிட்டீர்களா’ என்று பெருமையாகக் கேட்டேன். அவர் சிரித்தபடி தியோச்சூவில் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. பிறகு அவரே மலாயில், ‘சூடா மாக்கான்’ என்றார். சாப்பிட்டாயிற்றாம்.

அந்தத் தலைமுறையில் பலருக்குச் சந்தை மலாய் தெரியும். ஆகவே உங்கள் தாளில், மலாய் மூத்தோரையும், மலாயில் சமாளிக்கும் சீன மூத்தோரையும் மலாய்க் கணக்கில் சேர்த்து எண்ணுங்கள். உதாரணத்துக்கு 30 பேரில் மாண்டரினில் 11 பேர், மலாயில் 10 பேர் என்று வந்தால் நான் மலாயைத்தான் சொல்வேன். காரணம் நேரம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை, ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு முழுநேரமாகக் கற்பிக்க மலாய்க்குச் சுமார் 36 வாரமும் மாண்டரினுக்கு 88 வாரமும் ஒதுக்குகிறது. உங்களுக்கு அவ்வளவு தேர்ச்சி தேவையில்லை, ஆனால் ஒன்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்ற அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். உங்கள் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 170 மணி நேரம்தான் கிடைக்கும். மலாயில் வலியைப் பற்றிக் கேட்கவும் பயிற்சி சொல்லவும் அது போதும் என்பது என் கணிப்பு. மாண்டரினில் அதே நேரத்தில் தொனிகள் காதில் பிடிபட்டிருந்தாலே நல்லது. ஆனால் மாண்டரின் பக்கம் 20, மலாய் பக்கம் 6 என்று வந்தால் யோசிக்காமல் மாண்டரினுக்குப் போங்கள். இப்போது எழுபதுகளில் இருப்பவர்களிடம் மாண்டரின் கூடுதலாகவே புழங்கும்.

ஹொக்கியனே படித்தால் என்ன என்று தோன்றலாம். அதற்குக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி தைவானை ஒட்டியவை. நம் ஊர் ஹொக்கியனில் ‘சுக்கா’, ‘தாப்பி’ என்று மலாய்ச் சொற்கள் கலந்திருக்கும், அவை அந்தப் பாடங்களில் வராது.

மலாய்க்கும் பாடப்பொருளில் ஒரு சிக்கல் இருக்கிறது. கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் கிடைப்பது இந்தோனேசிய மொழி. இரண்டும் நெருக்கம்தான், ஆனால் உங்கள் வேலையில் இடறும். தலைசுற்றல் இந்தோனேசியாவில் ‘புசிங்’, இங்கே ‘பெனிங்’. இங்கே ‘புசிங்’ என்றால் திரும்பு. எழுந்து நின்ற பெரியவரிடம் தலை சுற்றுகிறதா என்று கேட்க நினைத்து ‘புசிங்?’ என்றால், அவர் திரும்ப முயல்வார். அதனால் சமூக மன்றத்துப் பேச்சு மலாய் வகுப்பில் சேருங்கள். வீட்டில் சூரியா ஒளிவழியைக் கேளுங்கள்.

கேட்பதற்கே பாதி நேரம் கொடுங்கள். ‘சாக்கிட் டி மானா?’, எங்கே வலிக்கிறது, என்று கேட்க ஒரு நாள் போதும். பதிலில் வரும் ‘கெபாஸ்’, அதாவது மரத்துப்போயிருக்கிறது என்பதைப் பிடிக்கத்தான் காது வேண்டும். மூன்றாம் மாதம் ஐந்து பதிலில் மூன்றுக்கு மலாய்த் தாதியைக் கூப்பிட வேண்டியிருந்தால், புதுச் சொற்களை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கேட்க மட்டும் செய்யுங்கள்.

ஆண்டு முடிவில் தாளைப் புதிதாகப் போடுங்கள். கட்டில்களில் ஆட்கள் மாறியிருப்பார்கள். மாண்டரின் வரிசை நீண்டிருந்தால், அப்புறம் அதைத் தொடங்கலாம்.