பொருத்தம் அமைந்ததும் வாட்ஸ்அப் எண் கேட்பவர்: கேள்வி பதில்

கேள்வி: பம்பிள் டேட்டிங் செயலியில் ஒருவரோடு பேச ஆரம்பித்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "நான் இங்கே அதிகம் வருவதில்லை, உங்கள் வாட்ஸ்அப் எண் தாருங்கள்" என்கிறார். உடனே விலக்கிவிடலாமா?

விலக்க வேண்டியதில்லை. அறிவிப்புகளை அணைத்து வைத்துவிட்டு உண்மையாகவே எப்போதாவது எட்டிப்பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மோசடிக்காரருக்கும் இந்த அவசரம் தேவைப்படுகிறது. அவருடைய கணக்கின் மீது வேறு யாராவது புகார் கொடுத்து அது முடக்கப்படுவதற்குள் உங்களை வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்பதே அவர் கணக்கு. கேள்வியை வைத்து இருவரையும் பிரித்தறிய முடியாது, உங்கள் பதிலுக்கு வரும் பதிலை வைத்து ஓரளவு முடியும். "சில நாள் இங்கேயே பேசுவோம், பிறகு எண் தருகிறேன், இன்றிரவு இந்தச் செயலியிலேயே ஐந்து நிமிடம் வீடியோ அழைப்பில் பேசலாமா?" என்று எழுதிப் பாருங்கள். சாதாரண மனிதர் நேரம் கேட்பார், அல்லது கூச்சமாக இருக்கிறது என்பார். மற்றவர் கேமரா பழுது என்பார், "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று கோபிப்பார், அல்லது அடுத்த வரியிலேயே மறுபடியும் எண்ணைக் கேட்பார். முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டதால், வீடியோவில் ஒரு முகம் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் முழுச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? பிடிக்காவிட்டால் பிளாக் செய்துவிடலாமே.

பிளாக் செய்தால் அழைப்பு நிற்கும். அவர் அறிந்துகொண்டது அவரிடமே இருக்கும். செயலியில் நீங்கள் முதல் பெயரை மட்டும் போட்டிருக்கலாம். அந்த எண்ணை யூபிஐ செயலி ஒன்றில் பணம் அனுப்புவதுபோல் இட்டால், பணம் அனுப்பாமலேயே வங்கிக் கணக்கில் உள்ள முழுப்பெயர் திரையில் வந்துவிடுகிறது. முழுப்பெயர் கிடைத்தால் முகநூல், அங்கிருந்து உங்கள் அலுவலகம், அண்ணன், அத்தை என்று எல்லோரும் கிடைப்பார்கள். ஆபாச வீடியோ அழைப்பைப் பதிவு செய்து மிரட்டுகிறவர்கள் "உன் உறவினருக்கு அனுப்பிவிடுவேன்" என்று பெயர் சொல்லி மிரட்டுவது இப்படித்தான் சாத்தியமாகிறது. எண் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடுங்கள். யூபிஐயோடு இணைக்காத இரண்டாவது சிம் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: அதனால்தான் நான் டெலிகிராம் மட்டும் தருகிறேன். அதில் எண் தெரியாது, எனவே பாதுகாப்பு. சரிதானே?

பாதி சரி. எண்ணை யாரும் பார்க்காதபடி அமைப்புகளில் நீங்கள் மாற்றியிருந்தால் அது தெரியாது. ஆனால் டெலிகிராமில் இருவரில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், மொத்த உரையாடலையும் இரு பக்கத்திலிருந்தும் அழித்துவிட முடியும். நாளை புகார் கொடுக்கப் போகும்போது உங்கள் கைபேசியில் ஒரு வரிகூட மிஞ்சாமல் போகலாம்.

கேள்வி: ஐயா, மகளுக்காக வரன் தளத்தில் பதிந்திருக்கிறோம். பையன் வீட்டார் முதல் நாளே எண் கேட்டார்கள். இதுவும் மோசடியா?

இல்லை அம்மா, அது வேறு வழக்கம். வரன் தளங்களில் கட்டணம் செலுத்தியவர்களுக்கு எண்ணைக் காட்டுவதே சேவையின் ஒரு பகுதி. மகளுடைய எண்ணுக்குப் பதிலாக உங்கள் எண்ணையோ அவர் அப்பாவின் எண்ணையோ பதிந்து வையுங்கள். பெற்றோரைப் பேசவிடாமல் "பெண்ணிடம் மட்டும் பேச வேண்டும்" என்று வெளிநாட்டு எண்ணிலிருந்து வற்புறுத்துகிறவரிடம் மட்டும் கவனமாக இருங்கள்.

கேள்வி: முதல் நாளே டெலிகிராமுக்கு மாறி மூன்று வாரம் ஆகிறது. அவர் சொன்ன வர்த்தகச் செயலியில் 5,000 ரூபாய் போட்டேன். 5,600 என் வங்கிக்கே திரும்பி வந்தது. மோசடி என்றால் பணம் வந்திருக்குமா? இப்போது 2 லட்சம் போடச் சொல்கிறார்.

வந்திருக்கும். அந்த 600 ரூபாய் உங்களிடமிருந்து 2 லட்சத்தை வாங்குவதற்கான செலவு. பெரிய தொகை உள்ளே போன பிறகு திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்க முயன்றால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள், கட்டினால் இன்னொரு கட்டணம் முளைக்கும். இனி எதையும் அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்துவிட்டதாக அவரிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம், காட்டினால் உரையாடல் அழிந்துவிடும். முதலில் டெலிகிராம் உரையாடல், அவருடைய பயனர் பெயர், டேட்டிங் செயலியில் உள்ள அவர் பக்கம் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பு எடுங்கள். டேட்டிங் செயலியில் பொருத்தத்தை நீக்குவது அதற்குப் பிறகுதான். பணம் போன, வந்த இரண்டு பரிவர்த்தனை எண்களோடும் 1930-ஐ அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியுங்கள். உங்களுக்கு வந்த 5,600 வேறொருவர் இழந்த பணமாகவும் இருக்கக்கூடும். அப்படியானால் பின்னால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம் என்பதால், அந்த வரவையும் புகாரில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே "இங்கேயே பேசலாம்" என்றேன். "சரி" என்றவர் அதன்பின் எழுதவே இல்லை. நல்லவரை இழந்துவிட்டேனோ?

இருக்கலாம். அதை உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. பொருத்தம் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு வாரம் கழித்து நீங்களே ஒரு வரி எழுதலாம்.