சிரிஞ்சு சோதனையில் PV ஏன் குறைகிறது?

"சிரிஞ்சைக் குழாய் வழியாக அழுத்த உணரியோடு இணைத்தேன். 20 மி.லி.யில் 100 கிலோபாஸ்கல், 10-இல் 191, 5-இல் 350. அழுத்தம் P-ஐயும் கன அளவு V-ஐயும் பெருக்கிய PV மாறாமல் இருக்க வேண்டுமே, 2000-இலிருந்து 1750-க்கு இறங்குகிறது. காற்று கசிகிறதா?"

கசிவாகவும் இருக்கலாம், ஆனால் உங்கள் எண்களைப் பார்த்தால் எனக்கு வேறொன்றுதான் தோன்றுகிறது. சிரிஞ்சின் கோடுகள் உள்ளே இருக்கும் காற்றை மட்டுமே காட்டும். இணைப்புக் குழாயிலும் உணரியின் வாயிலும் இருக்கும் காற்றும் சேர்ந்துதான் அழுத்தப்படுகிறது. அந்தக் கணக்கில் வராத கன அளவு, பிஸ்டனை உள்ளே தள்ளத் தள்ள விகிதத்தில் பெரிதாகிறது.

எவ்வளவு என்று வரைபடமே சொல்லிவிடும். 1/P-ஐக் கிடை அச்சிலும் சிரிஞ்சில் படித்த V-ஐச் செங்குத்து அச்சிலும் வைத்துக் கோடு இழுங்கள். உங்கள் மூன்று புள்ளிகளும் நேர்கோட்டில்தான் விழுகின்றன. ஆனால் அது ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், செங்குத்து அச்சை ஏறக்குறைய −1 மி.லி.யில் வெட்டுகிறது. அந்த 1 மி.லி.தான் குழாய்க் காற்று. ஒவ்வொரு கன அளவோடும் அதைக் கூட்டிப் பாருங்கள்: 21×100 = 2100, 11×191 = 2101, 6×350 = 2100. சரியாக வருகிறது.

கசிவு இல்லை என்று உறுதி செய்ய, அழுத்தியபின் பிஸ்டனை மெதுவாக 20-க்கே திரும்பக் கொண்டுவாருங்கள். அழுத்தம் 100-க்குக் கீழே நின்றால் காற்று வெளியேறியிருக்கிறது. அப்புறம், வேகமாகத் தள்ளினால் காற்று சூடாகி அழுத்தம் கூடுதலாகக் காட்டும். எண் நிலைத்த பிறகே குறியுங்கள்.