சாந்தன் ஜெல் ஆகுமா, ஆகாதா?

"சாந்தன் கம் 1% கரைச்சு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வெச்சேன். கொழகொழன்னு இருக்கு, ஜெல்லியா நிக்கலை. பரீட்சையில் ஜெல்லிங் ஏஜென்ட்னு எழுதலாமா? கராஜீனன் எந்தப் பக்கம்?"

எழுதாதீங்க. சாந்தன் (INS 415) தனியா இருந்தா தடிப்பாக்கிதான். அதன் விறைப்பான இழைகள் ஒன்றோடொன்று லேசாத்தான் பிடிச்சுக்கும். கலக்கினா பிடி விட்டு இளகும், நிறுத்தினா மறுபடி கெட்டியாகும். இன்னும் நாலு நாள் வெச்சாலும் ஜெல்லி ஆகாதுங்க.

சந்தேகமிருந்தா அதே அளவு அகார் (INS 406), நம்ம கடைகளில் கடல்பாசின்னு விக்கறது, கொதிக்க விட்டுக் கரைச்சு ஆற விடுங்க. 35 டிகிரி வாக்கில் உறையும், 85 டிகிரி வரை உருகாது. பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணப் பந்தியில் இளநீர் ஜெல்லி சித்திரை வெயிலிலும் நிக்கறது அதனாலதான். ரெண்டையும் கத்தியால வெட்டிப் பாருங்க: அகாரில் வெட்டு அப்படியே இருக்கும், சாந்தனில் மெல்ல மூடிக்கும்.

கராஜீனனை (INS 407) ஒரே பக்கம் தள்ளினா மார்க் போயிடும். கப்பா வகை பொட்டாசியம் இருந்தா கெட்டியா, நொறுங்கற மாதிரி உறையும். அயோட்டா கால்சியத்தோட மெத்துனு உறையும். லாம்ப்டா உறையாது, தடிப்பாக்கும், அவ்வளவுதான். கேள்வியில் வகை சொல்லலைன்னா மூணையும் பிரிச்சு எழுதுங்க.

ஒரு விதிவிலக்கு. சாந்தனோட லோகஸ்ட் பீன் கம் சேர்த்துச் சூடாக்கி ஆற வெச்சா ரப்பர் மாதிரி ஜெல் கிடைக்கும், தனித்தனியா ரெண்டும் உறையாதுன்னாலும். இதில் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கற குவார் கம்மை ஆப்ஷனா வெச்சுக் குழப்புவாங்க. அதைச் சேர்த்தா பிசுபிசுப்பு கூடும், ஜெல் வராது.