முதலில் ஆடுபவரே ஜெயிக்கிறார்

"நான் உருவாக்கும் கார்டு கேமைப் பேப்பர் கார்டில் தம்பியோடு 12 ஆட்டம் ஆடினேன், 11-ல் முதலில் ஆடியவர்தான் ஜெயித்தார். இறக்கிய கார்டு அடுத்த முறையில்தான் தாக்கும். அடி வாங்கும் கார்டு திருப்பி அடிக்காது. அப்படியே கம்ப்யூட்டர் கோடு எழுதலாமா?"

வேண்டாம். முதலில் அந்தத் 'திருப்பி அடிக்காது' விதியை மாற்றுங்கள்: மோதும் இரண்டு கார்டுமே ஒரே நேரத்தில் அடிக்கட்டும்.

காரணம் அநேகமாக இதுதான். நீங்கள் தாக்குதல் 2, உயிர் 2 உள்ள கார்டை இறக்குகிறீர்கள். தம்பியும் அதேபோல் ஒன்று. அடுத்த முறை உங்களுடையது, உங்கள் கார்டு தாக்குகிறது, அவருடைய கார்டு காலி. உங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை, கையிலிருந்து இன்னொன்றையும் இறக்குகிறீர்கள். அவர் கார்டு தாக்கும் முறையே வராது.

சோதிக்க: அதே இரண்டு சீட்டுக்கட்டு, 10 ஆட்டம், முதல் முறையை மாற்றி மாற்றி. கார்டுகளின் எண்களைப் பென்சிலில் எழுதுங்கள், அழிக்க வேண்டிவரும். மறுபடி 10-ல் 9 முதலில் ஆடியவருக்கே வந்தால், முதலில் ஆடுபவருக்கு முதல் முறையில் கார்டு எடுக்கும் உரிமை கிடையாது என்று வையுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

ஆனால் 10-க்கு 6, 7 என்பது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அவ்வளவு சின்னச் சாய்வைப் பேப்பர் காட்டாது. அதற்குத்தான் பிறகு, நிறைய ஆட்டங்களைத் தானே ஆடிப் பார்க்கும் கோடு.