ஆண்டு விற்பனையும் ஆளைப் பிடித்த செலவும்

கேள்வி: மும்பை செம்பூரில் காப்பிப்பொடி அரைத்து வீடுகளுக்கு அனுப்புகிறேன், ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். ஜூனில் ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு 40,000 ரூபாய் செலவானது, 160 ஆர்டர் வந்ததாகக் காட்டுகிறது. என் வாடிக்கையாளர் வருடத்துக்கு 6,000 ரூபாய்க்கு வாங்குகிறார். விளம்பரத்தை 60,000 ஆக்கலாமா? பில் பட்டியலை இணைத்துள்ளேன்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கணக்கில் ஒருவரைப் பிடிக்க 250 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் பட்டியலில் உள்ள தொலைபேசி எண்களைப் பழைய பில்களோடு ஒப்பிட்டால், அந்த 160 பேரில் 60 பேர் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்கள். விளம்பரம் கண்ணில் படாவிட்டாலும் அவர்களில் பலர் வாங்கியிருப்பார்கள். ஆகவே புதியவர்கள் 100 பேர் மட்டுமே.

காம்போசிஷனில் இருப்பதால் விளம்பரத்தின் மீதான 18% வரியைத் திரும்பப் பெற முடியாது. அந்த 7,200 ரூபாயும், படம் வடிவமைத்தவருக்குத் தந்த 4,800 ரூபாயும் சேர்ந்து செலவு 52,000 ஆகிறது. தலைக்கு 520, முதல் ஆர்டருக்கு நீங்கள் தரும் 80 ரூபாய்த் தள்ளுபடியைக் கூட்டினால் 600.

அடுத்து, அந்த 6,000 ரூபாய். அது மாதாமாதம் தவறாமல் வாங்குபவரின் தொகை, அப்படிப்பட்டவர்கள்தான் நம் நினைவில் நிற்கிறார்கள். சென்ற ஆண்டு ஜூனில் புதிதாக வந்த 100 பேரை மட்டும் தனியே எடுத்து அடுத்த 12 மாதங்களுக்குப் பின்தொடர்ந்து பார்த்தேன்: 40 பேர் ஒருமுறையோடு நின்றுவிட்டார்கள், 20 பேர் மட்டுமே 6,000 ரூபாயைத் தொட்டார்கள். தள்ளுபடிக்கு முந்தைய விலையில் மொத்த விற்பனை 2,10,000, அதாவது தலைக்கு 2,100.

இந்த 2,100 ரூபாயையும் 600 ரூபாயோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒரு 500 ரூபாய் ஆர்டரில் கொட்டை, வறுவல், பை, டெலிவரி எல்லாம் போக உங்கள் கையில் 150 நிற்கிறது. அந்த 30% கணக்கில் ஓர் ஆண்டுக்குக் கிடைப்பது 630 ரூபாய். மிச்சம் 30 ரூபாய், அதுவும் ஆண்டு முடியும்போதுதான் முழுதாகக் கைக்கு வருகிறது. அதுவரை கொட்டை வாங்க வேண்டிய பணம் விளம்பரத்தில் முடங்கிக் கிடக்கும்.

அப்படியும் முயல விரும்பினால், ஒரு மாதம் மட்டும் 20,000 கூட்டிப் பாருங்கள். வரியோடு அது 23,600. அந்த 630 ரூபாயில் 80 ரூபாய்த் தள்ளுபடியைக் கழித்தால் ஒரு புதியவருக்காக விளம்பரத்தில் 550 ரூபாய்தான் செலவிட முடியும் என்பதால், இப்போதைய 100 பேருக்கு மேல் இன்னும் 43 புதிய எண்களாவது வர வேண்டும். விளம்பரம் கூடும்போது எளிதில் வாங்கக்கூடியவர்கள் முதலில் தீர்ந்துவிடுவார்கள் என்பதால், மொத்தச் சராசரியைப் பார்க்காமல் கூடுதல் பணத்துக்கு வந்த ஆட்களை மட்டும் எண்ணுங்கள். தீபாவளி மாதத்தில் இந்தச் சோதனை வேண்டாம்; பண்டிகைக்கு வரும் கூட்டத்தையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.