மகளை மேடையில் நிறுத்தாதீர்கள், டீச்சர்

"அன்புள்ள அம்மாவுக்கு, மன்னார்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஈர்க்குக் குச்சிக் கட்டுகளை வைத்துக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித்தரும் முறையை, அடுத்த சனிக்கிழமை குறுவள மையத்தில் 24 ஆசிரியர்களுக்கு நான் நடத்திக் காட்ட வேண்டும். மொத்தம் இரண்டரை மணி நேரம். ஒரு மணி நேரம் விளக்கம், ஒரு மணி நேரம் மாதிரி வகுப்பு, மீதி அரை மணி பயிற்சி. மாதிரி வகுப்புக்கு மலர் நிலைப் பிள்ளைகள் ஆறு பேரை, என் மகளையும் சேர்த்து, 52-இல் 27 போனால் எவ்வளவு என்ற கணக்கில் இரண்டு முறை பழக்கிவிட்டேன். எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் 'இதெல்லாம் எத்தனை பார்த்தாச்சு' என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அவரை எப்படிச் சமாளிப்பது?"

மூத்த ஆசிரியரை விடுங்கள், அவரிடம் கடைசியில் வருகிறேன். இவ்வளவு கடிதத்தில் அவரைப் பற்றித்தான் உங்களுக்குக் கவலை. எனக்குக் கவலை தந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: ஆறு மலர் பிள்ளைகள், அதில் உங்கள் மகள், இரண்டு முறை ஒத்திகை.

எதற்கு ஒத்திகை? அந்த ஆறு பேருக்கும் கழித்தல் ஏற்கெனவே வரும். வருகிறவர்களுக்கு வருகிறது என்று 24 பேரைக் கூட்டிக் காட்டுவதில் என்ன இருக்கிறது? 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அடியில் அரும்பு, நடுவில் மொட்டு, மேலே மலர் என்று கற்றல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்துத்தான் பாடம் நடத்துகிறீர்கள். குச்சிக் கட்டு யாருக்குத் தேவை என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பொங்கி வருவதைப் பார்த்துவிட்டுக் கடைமடைக்காரன் நிம்மதியாகத் தூங்குவானா? அவன் வாய்க்காலுக்கு வந்ததா என்றுதான் கேட்பான்.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று ஒரு வாரம் பிள்ளைகளைப் பழக்கினேன். அன்றைக்கு நான் பலகையில் கணக்கை எழுதத் திரும்பினேன், எழுதி முடிக்கும் முன்பே முதல் வரிசைப் பையன் விடையைச் சொல்லிவிட்டான். அதிகாரி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். பின்வரிசையில் என்னைப் போன்ற நான்கைந்து ஆசிரியர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் அதே நாடகத்தைப் போட்டவர்கள்தானே.

அப்புறம் உங்கள் மகள். எட்டு வயது இருக்குமா? அவள் சரியாகச் சொன்னால் 'டீச்சர் பிள்ளை, சொல்லாமல் என்ன' என்பார்கள். தடுமாறினால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவாள். இரண்டிலும் அவளுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. பெற்ற பிள்ளையைத் தன் மானத்துக்குக் காவல் வைக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. சனிக்கிழமை அவள் பாட்டியோடு இருக்கட்டும்.

சரி, யாரை உட்கார வைப்பது? கூட்டம் நடக்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேசி, அங்கேயே படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கேளுங்கள். நீங்கள் பார்த்தறியாத பிள்ளைகள், பொறுக்கி எடுக்காத பிள்ளைகள், அரும்பிலிருந்து பாதிப் பேராவது. லீவு நாள் என்பதால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அறுவடை நேரமாக இருந்தால் வீட்டில் ஆள் இருக்காது, பிள்ளையை யார் கொண்டுவந்து விடுவது, யார் கூட்டிப் போவது என்பதையும் நீங்களேதான் பார்க்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து அந்தக் கணக்கை மாற்றுங்கள். 52-இல் 27 போனால் 25. தப்பாகப் போடும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகை, ஒவ்வொரு இடத்திலும் சின்ன இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழித்துவிடும். மேலே எது கீழே எது என்று பார்க்காது. 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3, ஆக 35. இன்னொரு வகை, கடன் வாங்கும், ஆனால் வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்க மறக்கும். 12-இல் 7 போனால் 5, 5-இல் 2 போனால் 3. அதுவும் 35! உங்கள் கணக்கில் இரண்டு நோய்க்கும் ஒரே அறிகுறி. சிலேட்டைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. 27-ஐ 28 ஆக்குங்கள். சரியான விடை 24. முதல் வகைப் பிள்ளை 36 எழுதும், இரண்டாம் வகை 34 எழுதும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு நடை நடந்தாலே தெரிந்துவிடும்.

ஆளுக்கு ஒரு தட்டு. அதில் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி, அவ்வளவுதான். எட்டுத் தட்டுக்கு 416 குச்சி. விரல் நீளத்துக்கு வெட்டினால் போதும், நம்மூரில் ஈர்க்குக்கா பஞ்சம்? கூடுதலாக ஒரு குச்சிகூடத் தட்டில் கிடக்க வேண்டாம். கிடந்தால் பிள்ளை கட்டைப் பிரிக்காமலே அதிலிருந்து ஆறை எடுத்துச் சேர்த்து எட்டாகக் கொடுத்துவிடும். முறை அங்கேயே படுத்துவிடும்.

முதலில் குச்சி இல்லாமல் சிலேட்டில் போடச் சொல்லுங்கள். 36 எழுதிய பிள்ளையிடம் போய், தப்பு என்று சொல்லாமல், "இந்தா, தட்டில் 52 இருக்கிறதா பார். அதில் 28 எனக்குக் கொடு" என்று கையை நீட்டுங்கள். இரண்டு கட்டைக் கொடுக்கும். உதிரியாக எட்டு வேண்டும், இருப்பது இரண்டு. இங்கேதான் பிள்ளை நின்றுபோகும். உங்களைப் பார்க்கும். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், தேவைப்பட்டால் இருபது. பின்னால் 24 பேர் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் கை தானாக ரப்பர் பேண்டுக்குப் போகும், போகவிடாதீர்கள். பிள்ளையே ஒரு கட்டை எடுத்துப் பிரிக்கும்போது உதிரி பன்னிரண்டு ஆகும், எட்டைக் கொடுத்தபின் நான்கு மிஞ்சும். கையில் இரண்டு கட்டு, நான்கு உதிரி. அதை 36-க்குப் பக்கத்தில் வைத்து அதுவே பார்க்கட்டும்.

பிறகு அதே கணக்கை மறுபடி, இந்த முறை குச்சியும் சிலேட்டும் சேர்ந்து. கட்டைப் பிரித்தவுடனே சிலேட்டில் 5-ஐ அடித்து 4 எழுத வேண்டும், 2 பன்னிரண்டாக வேண்டும். ஒரு கை செய்வதை மறு கை அப்போதே எழுத வேண்டும். குச்சியை எல்லாம் செய்து முடித்து, வாரிக் கட்டிவைத்துவிட்டு, பிறகு பலகையில் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று ஆரம்பிப்பதைத்தான் நிறையப் பள்ளிகளில் பார்க்கிறேன். பிள்ளைக்கு அது இரண்டு தனிப் பாடம்.

ஐந்து கட்டையும் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக எண்ணும் பிள்ளையும் வரும். அதற்குக் கழித்தல் பிரச்சினை இல்லை, பத்து என்பதே இன்னும் ஒரு கட்டாக மனசில் படவில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் வேண்டாம், கட்டுப் போடும் வேலை கொடுங்கள். பார்க்கிறவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

தெரியாத பிள்ளையை 24 பேர் முன்னால் உட்கார வைக்கச் சொல்கிறேன் என்றால் அதன் பாரமும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பலர் அடுத்தவர் வயலில் நாற்று நடப் போகிறவர்களாக இருப்பார்கள். சாயங்காலம் சிலேட்டைப் பார்த்துத் திருத்த வீட்டில் ஆள் இருக்காது. நாம்தான் ஆள். ஆகவே ஆசிரியர்கள் பின்னால் உட்காரட்டும், பேச்சு வேண்டாம், கைப்பேசியில் படம் கூடவே கூடாது. பிள்ளைகள் போன பிறகு பேசும்போதும் 'அந்த மக்குப் பையன்' என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இனி உங்கள் நேரக் கணக்கு. ஒரு மணி நேரம் விளக்கமா? பத்து நிமிடம் போதும். நாற்பது நிமிடம் மாதிரி வகுப்பு, இருபது நிமிடம் அதைப் பற்றிப் பேச்சு, டீக்குக் கால் மணி. மீதி ஒரு மணிக்கு மேல் இருக்கிறது, அது முழுக்க அவர்கள் கைக்கு. அரை மணிப் பயிற்சி என்று எழுதிவைத்தால் விளக்கம் நீண்டு அதையும் தின்றுவிடும், எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

மூன்று மூன்று பேராக எட்டுக் குழு; பிள்ளைகள் விட்டுப்போன எட்டுத் தட்டே போதும். ஒருவர் ஆசிரியர். ஒருவர் பிள்ளை, அவரிடம் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் 36 அல்லது 34. அந்தப் பிள்ளை எப்படி யோசிக்குமோ அப்படியே அவர் செய்ய வேண்டும். மூன்றாமவர் பார்ப்பவர். அவருக்கு நீளமான படிவம் எதுவும் தராதீர்கள். ரப்பர் பேண்டை யார் கழற்றினார், அதற்கு முன் ஆசிரியர் என்ன சொன்னார், இந்த இரண்டை மட்டும் எழுதட்டும். ஆறு நிமிடம் நடத்துவது, மூன்று நிமிடம் பேசுவது, உடனே அதே ஆள் அதையே மறுபடி ஆறு நிமிடம் நடத்துவது. பயிற்சிப் பள்ளியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று நோட்டு எழுதிக் கையெழுத்து வாங்கினோமே, அதுதான். மறுபடி நடத்தும் பாதியை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டோம். முதல் தடவை எட்டுக் குழுவில் பெரும்பாலும் ஆசிரியர் கைதான் கட்டைப் பிரித்திருக்கும், பாருங்கள். இரண்டாம் தடவை அந்தக் கை சற்றுத் தயங்கும். மூன்று பேரும் முறை மாற முக்கால் மணி ஆகும். மிச்ச நேரத்தில், அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தன் வகுப்பில் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்ட மூன்று பிள்ளைகளின் நோட்டைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி வையுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தெல்லாம் வேண்டாம், நோட்டு போதும்.

இப்போது உங்கள் மூத்தவர். செயல்வழிக் கற்றல் அட்டைகளும் ஏணியும் வந்த காலத்திலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். எத்தனையோ பார்த்தவர் என்பது உண்மைதானே, அதில் கோபிக்க என்ன இருக்கிறது? வீட்டில் பெரியவர் ஒருவர் முணுமுணுத்தால் வாயையா அடைப்போம்? கையில் வேலை கொடுப்போம். அவரிடம் 36 சீட்டைக் கொடுத்து, "சார், நீங்கதான் பிள்ளை. சீக்கிரம் புரிஞ்சுக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவர். அந்த ஹாலில் அவரைவிட நன்றாகத் தப்புச் செய்ய ஆள் கிடைக்காது. அவருக்கு ஆசிரியராக நீங்களே உட்காருங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.